ஒருத்தி தங்கச்சி, ஒருத்தி மைத்துனி

கேள்வி: ஆயாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு டர்பனில் எல்லாரும் கூடியிருந்தோம். என் அப்பாவுக்கு ஒரு அத்தை உண்டு. அந்த அத்தையின் மகனுக்கு ஒரு பெண், மகளுக்கு ஒரு பெண். மகன் வீடு சாட்ஸ்வர்த்தில், மகள் வீடு பீனிக்ஸில். இரண்டு பெண்களும் என்னைவிடச் சின்னவர்கள். நான் இருவரையும் கசின் என்றுதான் சொல்வேன். பெரியவர்களோ ஒருத்தியைத் 'தங்கச்சி' என்றும் மற்றவளை 'மைத்துனி முறை' என்றும் சொன்னார்கள். இருவரும் ஒரே பாட்டியின் பேத்திகள், எனக்கு ஒரே தூரம். பிறகு எப்படி வேறு வேறு முறை?

பதில்:

பெரியவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சாட்ஸ்வர்த் பெண் உங்களுக்கு மைத்துனி, பீனிக்ஸ் பெண் தங்கச்சி. நீங்கள் சொல்வதுபோல் தூரம் ஒன்றேதான். ஆனால் தமிழ் உறவுமுறை தூரத்தை அளப்பதில்லை. அது கேட்கும் கேள்வி வேறு.

ஆங்கிலம் இரத்தத்தின் தூரத்தை எண்ணுகிறது. எத்தனை படி மேலே ஏறினால் பொதுவான முன்னோர் கிடைக்கிறார், அங்கிருந்து எத்தனை படி இறங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. நடுவில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பது அதற்குத் தேவையில்லை. தமிழ் கேட்பது ஒன்றே ஒன்று: இவர் நம்மவரா, அல்லது நாம் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் பக்கத்தவரா? முன்னவர்கள் பங்காளி முறை, பின்னவர்கள் மாமன் மச்சான் முறை. அப்பா தலைமுறை, உங்கள் தலைமுறை, பிள்ளைகள் தலைமுறை மூன்றிலும் ஒவ்வொருவரும் இந்த இரண்டில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும்.

முதலில் பக்கத்து உறவிலிருந்து தொடங்குவோம். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கை சின்னம்மா அல்லது சித்தி. சொல்லிலேயே அப்பா, அம்மா இருக்கிறார்கள், கவனியுங்கள். இவர்கள் இன்னொரு அப்பா, இன்னொரு அம்மா. அப்படியானால் இவர்களின் பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. வேறு சொல்லே கிடையாது. இவர்களைக் கட்டிக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்பாவின் சகோதரிக்கும் அம்மாவின் சகோதரனுக்கும் வந்தால் சொல் மாறுகிறது. அவர் அத்தை, இவர் மாமா. அத்தையின் பிள்ளையும் மாமாவின் பிள்ளையும் உங்கள் கூடப்பிறந்தவர்களாக ஆகமாட்டார்கள். ஆண் என்றால் மச்சான், மைத்துனன். பெண் என்றால் மைத்துனி, பேச்சில் மச்சினி. பெண் மூத்தவளாக இருந்தால் பல வீடுகளில் மதினி. பெண் ஒருத்தி பேசும்போது மூத்த ஆண் அத்தான் ஆகிறான். இந்தப் பக்கத்தில்தான் முறைப்பெண்ணும் முறைப்பையனும் இருக்கிறார்கள்.

ஆக, விதி இதுதான். உங்களையும் அவரையும் இணைக்கும் பெற்றோர் இருவரும் ஒரே பாலினச் சகோதரர்களாக இருந்தால், அதாவது அண்ணன் தம்பியாகவோ அக்கா தங்கையாகவோ இருந்தால், பிள்ளைகளும் சகோதரர்கள். இருவரும் அண்ணன் தங்கையாகவோ அக்கா தம்பியாகவோ இருந்தால் பிள்ளைகள் மச்சான், மைத்துனி. நான்கு வகைப் பிள்ளைகளையும் கசின் என்ற ஒரே சொல்லில் போட்டால் கலைவது இந்தக் கோடுதான்.

இது முதல் சுற்று. பெரும்பாலானோருக்கு இதுவரை தெரியும். உங்கள் கேள்வி அடுத்த சுற்றில் இருக்கிறது, அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்கலாம்.

நேராக அந்தப் பெண்களிடம் போகக்கூடாது. முதலில் அவர்களின் பெற்றோர் உங்கள் அப்பாவுக்கு என்ன முறை என்று பார்க்க வேண்டும். உங்கள் தாத்தாவும் அந்த அத்தைப் பாட்டியும் அண்ணன் தங்கை. அதனால் அத்தைப் பாட்டியின் மகன் உங்கள் அப்பாவுக்கு மச்சான், மகள் மைத்துனி. இதுவரை இருவரும் ஒரே பக்கம்தான்.

இப்போது ஒரு படி கீழே, உங்களிடம் வாருங்கள். பீனிக்ஸ் அம்மா உங்கள் அப்பாவுக்கு மைத்துனி, அதாவது முறைப்பெண். அப்பா அவரைக் கட்டியிருக்கலாம். கட்டியிருந்தால் அவர் உங்கள் அம்மா. கட்டவில்லை, ஆனாலும் முறை மாறாது: அவர் உங்களுக்குப் பெரியம்மா அல்லது சித்தி, உங்கள் அம்மாவைவிட மூத்தவரா இளையவரா என்பதைப் பொறுத்து. பெரியம்மாவின் பெண் உங்களுக்கு யார்? தங்கச்சி.

சாட்ஸ்வர்த் அப்பா உங்கள் அப்பாவுக்கு மச்சான். அவருடைய கூடப்பிறந்தவரைத்தானே இப்போது உங்களுக்கு அம்மா முறை என்றோம்? அம்மாவின் சகோதரன் யார்? மாமா. மாமாவின் பெண் உங்களுக்கு யார்? மைத்துனி.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அண்ணன் தங்கையாகப் பிறந்த இருவரில் ஒருவர் உங்களுக்கு மாமாவாகவும் மற்றவர் சித்தியாகவும் ஆனது தற்செயல் இல்லை. ஒருவர் மாமா என்றால் அவருடைய அக்கா தங்கை அம்மா முறையாகத்தான் இருக்க முடியும்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. எனக்குத் தெரிந்த வீடுகளில் 'அப்பாவின் அத்தை மகள்' என்றதும், அப்பா பக்கத்துப் பெண்தானே என்று அவரை 'அத்தை' என்று கூப்பிடுகிறார்கள். அது தவறு. அத்தை என்பவர் அப்பாவுக்குச் சகோதரி முறையில் இருக்க வேண்டும். அப்பாவின் சித்தப்பா மகளும் அப்பாவின் பெரியம்மா மகளும் அப்பாவுக்குச் சகோதரிகள், அதனால் உங்களுக்கு அத்தை. அப்பாவின் அத்தை மகளும் மாமா மகளும் அப்பாவுக்கு மைத்துனிகள், அதனால் உங்களுக்கு அம்மா பக்கம். அம்மா வழியில் போனாலும் இதே கணக்குதான். அம்மாவின் அத்தை மகன் அம்மாவுக்கு முறைப்பையன். ஆகவே உங்களுக்கு மாமா இல்லை, பெரியப்பா அல்லது சித்தப்பா. 'அப்பா பக்கம், அம்மா பக்கம்' என்று இரத்த வழியைப் பார்த்துச் சொன்னால் இரண்டாம் சுற்றில் பாதி உறவு தலைகீழாகிவிடும்.

இந்த இரண்டாம் சுற்றுக் கணக்கு அறிஞர்களையே வெகுகாலம் ஏமாற்றியது. லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் 1871-இல் உலக உறவுமுறைச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ் முறையும் வட அமெரிக்காவின் செனகா மக்களின் முறையும் ஒன்றே என்று எழுதினார். சித்தப்பா பிள்ளை சகோதரன், மாமா பிள்ளை வேறு என்ற அளவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் செனகா முறையில் அப்பாவுக்கு உறவில் சகோதரத் தலைமுறையாக நிற்கும் ஆண் எவரும் அப்பா, பெண் எவரும் அத்தை. அந்தக் கணக்கில் உங்கள் சாட்ஸ்வர்த் பெண் தங்கச்சியாகவும் பீனிக்ஸ் பெண் மைத்துனியாகவும் ஆகியிருப்பார்கள், அப்படியே நேரெதிர். இந்த வேறுபாட்டை 1964-இல் ஃபிலாய்ட் லௌன்ஸ்பரி என்ற மானிடவியலாளர் தெளிவாக எடுத்துக் காட்டினார். நீங்கள் சாவு வீட்டில் கேட்டது சரியாக அந்த இடம்தான்.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது? தமிழ் முறைக்குள் திருமணம் உட்கார்ந்திருக்கிறது. மாமா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் சகோதரன் மாமா, அத்தையின் கணவர் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா, கணவனின் அப்பாவும் மாமா. அத்தையும் அப்படித்தான்: அப்பாவின் சகோதரி, மாமாவின் மனைவி, மாமியார். (மாமாவின் மனைவியை மாமி என்கிற வீடுகளும் உண்டு. சொல் மாறினாலும் நிற்கும் இடம் அதேதான்.) மனைவியின் தங்கையை ஏன் மைத்துனி என்கிறோம்? மாமன் மகளைக் கட்டினால் அவள் தங்கையும் மாமன் மகள்தானே, அவள் முன்பே மைத்துனி. அந்நியத்தில் பெண் எடுத்தாலும் சொல் அப்படியே பொருந்துகிறது: இதுவரை தெரியாத ஒருவர் உங்களுக்கு மாமாவாகிறார், அவருடைய மற்றப் பெண்கள் மைத்துனிகள் ஆகிறார்கள். அதனால் தமிழில் 'இன்-லா' என்று தனியாக ஒட்டவைக்கத் தேவை வரவில்லை. மருமகன் என்றால் ஆணுக்கு அக்கா தங்கை மகனும்தான், மகளின் கணவனும்தான். ஆண்டாள் தன் கல்யாணக் கனவில் கைப்பற்ற வரும் கண்ணனை 'மைத்துனன்' என்றே சொல்கிறாள். அந்தச் சொல்லின் கனம் அங்கே விளங்கும்.

நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதற்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது, டர்பன்காரர்கள் காதால் கேட்டிருப்பீர்கள். ஜூலு மொழியில் அம்மாவின் சகோதரன் 'மாலுமே', அதாவது ஆண் அம்மா. அப்பாவின் சகோதரி 'பாபேகாசி', பெண் அப்பா. அப்பாவின் தம்பி 'பாபா ஒம்ன்சானே', சின்ன அப்பா, நம் சித்தப்பாவேதான். மாமா பிள்ளையும் அத்தை பிள்ளையும் 'உம்ஸாலா'. சித்தப்பா பிள்ளை சகோதரன். கோடு நாம் கிழிக்கும் அதே இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஜூலு வழக்கத்தில் உம்ஸாலாவைக் கட்ட முடியாது, மாலுமே மாமனார் ஆவதும் இல்லை. மாமனாருக்கு வேறு சொல். ஆகவே உம்ஸாலா என்பதை மைத்துனி என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. கசின் என்று மொழிபெயர்த்தால் அந்தப் பாதியும் இல்லை.

ஆங்கிலத்தின் இந்தச் சொற்களும் தொடக்கத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'அங்கிள்' என்ற சொல் லத்தீன் 'அவுன்குலுஸ்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் தாய்மாமா மட்டுமே. 'ஆன்ட்' வந்தது 'அமிதா'விலிருந்து. அதன் பொருள் அத்தை மட்டுமே. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் லத்தீனில் தனிச் சொற்கள் இருந்தன. 'கசின்' என்பதன் மூலமான 'கொன்சொப்ரினுஸ்' முதலில் குறித்தது பெரியம்மா, சித்தி பிள்ளைகளை, அதாவது நாம் சகோதரர் என்று சொல்பவர்களை. காலப்போக்கில் மூன்று சொற்களும் மற்றவற்றின் இடத்தையும் விழுங்கிவிட்டன.

அதேதான் இங்கே நம் வீடுகளிலும் நடக்கிறது, இதுதான் எனக்கு மனத்தில் உறுத்துகிற விஷயம். கசின் என்ற சொல்லைப் பலர் குறை சொல்கிறார்கள். ஆனால் முதலில் போனது மைத்துனி இல்லை, மாமாவும் சித்தப்பாவும்தான். இருவரையும் 'அங்கிள்' என்று கூப்பிடப் பழகிய பிள்ளைக்கு அவர்களின் பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கணக்கின் முதல் வரி அழிந்துவிட்டது. மேலே உங்கள் கேள்வியை அவிழ்க்கும்போது ஒவ்வொரு படியும் அப்பா தலைமுறைச் சொல் ஒன்றின்மேல்தான் நின்றது. அந்தச் சொல் இருந்தால் பிள்ளைகளின் முறை தானாக வந்துவிடும்.

இங்கே இன்னொரு காரணமும் சேர்ந்தது. 1860-இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நேட்டாலுக்கு வந்தார்கள். கப்பல் பதிவேட்டில் ஒருவரின் பெயரோடு தகப்பன் பெயர் எழுதினார்கள். மாமன் யார், அத்தையை எந்த ஊரில் கொடுத்தது என்று எழுத அங்கே இடமில்லை. அந்தப் பதிவேட்டை வைத்துக் குடும்ப மரம் வரைகிறவர்களுக்குப் பங்காளிப் பக்கம் கொஞ்சம் கிடைக்கும், மாமன் மச்சான் பக்கம் கிடைக்காது. அதைப் பேச்சில் காப்பாற்றியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த பெரியவர்கள்தான். மேகஸின் பேரக்ஸ் போன்ற இடங்களில் வரிசை வீடுகளில் மாமாவும் சித்தப்பாவும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்துக்குப் பிறகு குடும்பங்கள் பிரிந்து சாட்ஸ்வர்த்துக்கும் வேறு இடங்களுக்கும் போயின. கல்யாணத்திலும் சாவிலும் மட்டும் பார்த்துக்கொள்கிற உறவாக ஆனபோது சொற்களும் அருகின.

போதாக்குறைக்கு 'கசின் பிரதர்', 'கசின் சிஸ்டர்' என்ற வழக்கு இருக்கிறது. பக்கத்து வீட்டு ஹிந்திக் குடும்பத்துக்கு அது சரியாகப் பொருந்தும். அவர்கள் வழக்கத்தில் மாமா பெண்ணும் சகோதரிதான், கட்டக்கூடாது. தமிழ், தெலுங்குக் குடும்பத்தார் அதையே எடுத்துச் சொல்லும்போது மைத்துனி 'சிஸ்டர்' ஆகிவிடுகிறாள். ஆங்கிலக் கசின் கோட்டை அழித்தது என்றால் இது ஆளைத் தவறான பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய குழப்பம்.

இன்று நம்மில் பெரும்பாலோர் மாமன் மகளைக் கட்டுவதில்லை, பிறகு இந்த முறை எதற்கு என்று கேட்கலாம். காரியங்களில்தான் அதன் வேலை தெரியும். சாவு வீட்டில் தீட்டு காப்பவர்கள் பங்காளிகள். கோடித் துணி கொண்டுவருவது பெண் பிறந்த வீட்டார், அதாவது மாமன் மச்சான் பக்கம். கல்யாணத்தில் பெண்ணின் கையில் பொரி இடுவது அவள் சகோதரன், மாப்பிள்ளைக்கு மைத்துனன். தாலியின் கடைசி முடிச்சைப் போடுவது நாத்தனார். 'கசின்கள் முன்னால் வாருங்கள்' என்று கூப்பிட்டால் இந்த வேலைகளுக்கு யாரை அழைக்கிறோம் என்றே தெரியாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டால் அங்கே முறை பேசக்கூடாது, இரத்தத் தூரத்தையே சொல்ல வேண்டும். மாமா பெண்ணோடும் சித்தப்பா பெண்ணோடும் நமக்குப் பொதுவாக இருக்கும் மரபணுப் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று, இரண்டுக்கும் வித்தியாசமில்லை. உங்கள் இரண்டு பெண்களும் முப்பத்திரண்டில் ஒன்று. 'முறைப்பெண்தானே, வேற்று வீடு' என்று நினைப்பது மருத்துவத்தில் தவறு. அந்த ஒரு வேலைக்குக் கசின் என்ற சொல் நம் சொல்லைவிடப் பொருத்தமானது.

சரி, நீங்கள் போட்ட கணக்கு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒருவரை மாமா என்றால் அவர் உங்களை மருமகன் என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஒருத்தியை மைத்துனி என்றால் அவளுக்கு நீங்கள் அத்தான். ஒரு பக்கம் மைத்துனி, மறுபக்கம் அண்ணன் என்று வந்தால் எங்கோ ஒரு படி தவறியிருக்கிறது, அல்லது உங்களுக்குள் இரண்டு வழி உறவு இருக்கிறது. இரண்டாவது அடிக்கடி நடக்கும். தாய்மாமன் அக்காள் மகளையே கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் ஒரு வழியில் மாமா, இன்னொரு வழியில் அத்தான். முறை தெரியாமல் நடந்த காதல் கல்யாணத்திலும் இப்படி ஆகும். அப்போது எது சரி என்று சண்டை போட வேண்டியதில்லை. நான் பார்த்த வரையில், கல்யாணம் ஆனவர்களும் அவர்களை ஒட்டியவர்களும் புது முறைக்கு மாறிக்கொள்வார்கள். தள்ளி இருப்பவர்கள் பழைய முறையிலேயே கூப்பிடுவார்கள்.

குடும்ப மரம் எழுதுவதாக இருந்தால் கசின் என்று எழுதாமல் வழியை எழுதிவையுங்கள்: 'தாத்தாவின் தங்கையின் மகனின் மகள்'. வழி இருந்தால் முறையைப் பிறகு யாரும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, அடுத்த தலைமுறையில் இந்த இரண்டு வீடுகளும் உங்களுக்கு இடம் மாறும். பீனிக்ஸ் பெண் உங்கள் தங்கச்சி, அதனால் அவள் பிள்ளைகளுக்கு நீங்கள் தாய்மாமன் முறை. அவர்களும் உங்கள் பிள்ளைகளும் மச்சான், மைத்துனி. சாட்ஸ்வர்த் பெண்ணைக் கட்டுகிறவர் உங்களுக்கு அண்ணன் தம்பி முறைக்கு வந்துவிடுவார். அவர் உங்களைவிட இளையவர் என்றால் அவள் குழந்தை உங்களைப் பெரியப்பா என்று கூப்பிடும், உங்கள் பிள்ளைகளுக்கு அது தம்பியோ தங்கச்சியோ ஆகும்.